நாற்பது நிமிடமும் மூன்று திருமேனிகளும்: கலை வரலாற்றுத் தேர்வில் கட்டுரை எழுதுவது

கலை வரலாற்றை ஆழ்ந்து படித்த பிள்ளைகள் தேர்வில் நடுத்தர மதிப்பெண் வாங்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. சென்னையில் நுண்கலையும் கலை வரலாறும் படிக்கிறவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் எடுக்கிறேன். பருவத் தேர்வு நெருங்கினால் அவர்கள் எழுதிப் பார்த்த மாதிரி விடைகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய கேள்வியாக இருந்தால், பெரும்பாலான விடைகள் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதில் தொடங்கும். முதல் பக்கம் முழுக்க அரசர்கள் வரிசை. அடுத்த பக்கம் மெழுகில் உரு செய்து, மண் பூசி, சூடாக்கி, உலோகம் ஊற்றும் முறை. மூன்றாம் பக்கத்தில் நடராஜர் வருவார். உடுக்கை ஆக்கலையும் தீ அழித்தலையும் குறிக்கும் என்று விளக்கம் வரும். அத்துடன் நேரம் முடிந்துவிடும். எழுதியதில் ஒரு வரிகூடத் தவறில்லை. கேட்ட கேள்விக்குத்தான் விடை இல்லை.

இவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததில் எதை விடுவது என்று தீர்மானிக்கும் பழக்கம்தான் இல்லை. நேரம் குறைவான தேர்வில் திட்டமிடுவதும், எடுத்துக்காட்டு தேர்ந்தெடுப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும் தனித்தனி வேலைகள் என்று நினைக்கிறார்கள். மூன்றும் ஒரே வேலை. எதை விடுகிறோம் என்பது தெளிவானால் நேரம் தானாகக் கிடைக்கும். இதைப் பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது என்பதால் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, தாளைத் திறந்ததிலிருந்து பேனாவை மூடும்வரை சொல்கிறேன்.

மூன்று மணி நேரத் தாள், நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாளின் அமைப்பு வேறாக இருந்தால் நிமிடங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். செய்யும் வரிசையை மாற்ற வேண்டாம். மொத்தம் 180 நிமிடம். முதல் 10 நிமிடம் தாளைப் படித்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்க. ஒரு கட்டுரைக்கு 40 நிமிடம் வீதம் 160. கடைசி 10 நிமிடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். அந்த 40 நிமிடத்துக்குள் ஏழு நிமிடம் திட்டத்துக்கு, முப்பது எழுதுவதற்கு, மூன்று திரும்பப் படிக்க.

ஏழு நிமிடம் எழுதாமல் உட்கார்ந்திருப்பதா என்று எல்லோரும் பதறுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கியிருப்பார். அவர் விஜயாலயனை எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதட்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: "சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் வடிவத்தை வழிபாட்டில் அவற்றின் பயன்பாடு எந்த அளவுக்குத் தீர்மானித்தது? குறைந்தது மூன்று எடுத்துக்காட்டுகளுடன் விவாதிக்கவும்."

முதல் இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியது, கேட்டது என்ன என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வரியாக எழுதிப் பார்ப்பது. இங்கே கேள்வி ஓர் அளவைக் கேட்கிறது. "ஆம், பயன்பாடுதான் தீர்மானித்தது" என்று எழுதினால் பாதி விடைதான். எவற்றைத் தீர்மானித்தது, எவற்றைத் தீர்மானிக்கவில்லை என்று பிரித்துக் காட்டினால்தான் அளவு சொன்னதாகும். ஆகவே விடைக்குக் குறைந்தது இரண்டு பக்கம் உண்டு என்பது கேள்வியிலேயே இருக்கிறது. மெழுகு வார்ப்பு முறை இந்தக் கேள்விக்கு வேண்டுமா? ஒரு வரி வேண்டும். ஒரு பத்தி வேண்டாம். அரசர் வரிசை வேண்டவே வேண்டாம்.

அடுத்த மூன்று நிமிடம் எடுத்துக்காட்டுகளுக்கு. பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான் என்பதால் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நினைவுக்கு முதலில் வரும் மூன்றை எழுதிவிடுகிறார்கள். மூன்றும் அழகான நடராஜர்களாக இருக்கும். மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்லும். திருத்துபவருக்கு இரண்டாவது எடுத்துக்காட்டிலேயே புதிதாக எதுவும் கிடைக்காது. எடுத்துக்காட்டுகள் ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். ஒன்று உங்கள் வாதத்துக்கு ஆதரவாக நிற்க வேண்டும், ஒன்று அதை எதிர்க்க வேண்டும், மூன்றாவது இரண்டிலும் அடங்காமல் வாதத்தை இன்னும் நுட்பமாக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டால் கட்டுரையின் அமைப்பு தானே வந்துவிடுகிறது. தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்கு நான் எடுப்பவை இவை. பயன்பாடு வடிவத்தைத் தீர்மானித்தது என்பதற்குத் திருவெண்காட்டு ரிஷபவாகனர், தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருப்பவர். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, கை வளைந்து, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்த பாவனையில் நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனாலும் உருவம் தனியே நிற்கிறது. சாய்ந்த கை மட்டும் எதையும் தொடாமல் வெளியில் இருக்கிறது. காளையும் தேவியும் தனித்தனி வார்ப்புகள். அதாவது, ஒரு காட்சியைப் பகுதி பகுதியாகச் செய்து, எடுத்துச் சென்று, சேர்த்து நிறுத்தும்படி இது உருவாக்கப்பட்டிருக்கிறது. சுவரோடு ஒட்டிய சிற்பத்துக்கு இந்தத் தேவை கிடையாது. இதற்குக் கல்வெட்டால் கிடைக்கும் காலமும் உண்டு: 1011, ராஜராஜன் காலம். தேவிக்கு அதற்கு அடுத்த ஆண்டு.

எதிர்ப்பதற்கு நடராஜர், ஆனால் ஒரு ஜோடியாக. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரை ஒரு பக்கம் வைக்கிறேன்; கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவர்க் கோட்டத்தில் கல்லில் ஆடும் நடராஜரை இன்னொரு பக்கம். தூக்கிய இடது கால், முயலகன் மேல் ஊன்றிய வலது கால், நான்கு கைகள் என்று அடிப்படை நிலை ஒன்றே. ஒன்று வீதிக்குப் போகும், மற்றொன்று இடத்தை விட்டு அசையாது. பயன்பாடுதான் நிலையைத் தீர்மானித்தது என்றால், அசையாத கல்லுக்கு இதே நிலை எப்படி வந்தது? கல் செம்பைப் பார்த்து வந்திருக்கலாமே என்று திருத்துபவர் மனத்தில் கேள்வி எழும். அதற்கும் ஒரு வரி வைத்திருக்க வேண்டும்: கங்கைகொண்ட சோழபுரத்துக்கு முன்பே, 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்கோயில்களின் சுவர்க் கோட்டங்களிலும் இந்த ஆடல் உருவம் இடம்பெற்றுவிட்டது. எது முந்தியது என்ற வழக்கை நீங்கள் தேர்வில் தீர்க்க வேண்டியதில்லை. உருவ மரபு இரண்டு ஊடகத்திலும் பொதுவாக ஓடியது என்று காட்டினால் போதும்.

மூன்றாவதாகத் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர், இதுவும் எழும்பூரில். வலது பாதி சிவன், இரண்டு கைகள். இடது பாதி உமை, ஒரே கை. வலது பக்கம் ஆடை தொடையோடு நிற்கிறது, இடது பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. உலா வரும்போது பட்டும் மாலையும் நகையும் சார்த்தி உடலின் பெரும்பகுதியை மறைத்துவிடுவார்கள். மறையப்போகும் உடலுக்கு எதற்கு இவ்வளவு கவனம்? திருமஞ்சனத்தின்போது திருமேனி அலங்காரமின்றி இருக்கும் என்று ஒரு பதில் சொல்லலாம்; அதுவும் பயன்பாடுதான். ஆனால் தோளிலிருந்து இடுப்பு வரை இரு பாதியும் ஒரே உடலாக இணையும் விதத்தை அந்தப் பதிலால் முழுதாக விளக்க முடியாது. பயன்பாடும் மரபும் போக எஞ்சும் இடம் இது. சிற்பியின் கை அங்கே இருக்கிறது.

விட்டவற்றையும் சொல்ல வேண்டும். வடக்குப்பனையூர் ராமர் தொகுதி எழும்பூரிலேயே இருக்கிறது. ராமர், சீதை, இலக்குவன், அனுமன் எல்லோரும் தனித்தனி வார்ப்புகள், வில் பிடிக்கும் கைகளில் வில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தொகுதி. ஆனால் அது சொல்வதை ரிஷபவாகனர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அவருக்குக் கல்வெட்டுக் காலமும் இருக்கிறது. ஆகவே ராமரை விட்டுவிடுகிறேன். வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள, செம்பியன் மாதேவி என்று சொல்லப்படும் பெண் உருவமும் பலருக்கு நினைவுக்கு வரும். அது அரசியா உமையா என்பதே விவாதத்தில் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவந்தால் அந்த விவாதத்தை விளக்கவே ஒரு பக்கம் போகும். வேறொரு கேள்விக்கு அது தங்கம். இந்தக் கேள்விக்குப் பாரம்.

மீதமுள்ள இரண்டு நிமிடத்தில் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், நான்கே வரி எழுதுங்கள். என் வரிகள் இப்படி இருக்கும்:

"வாதம்: கட்டமைப்பு பயன்பாட்டால், நிலை மரபால், மெருகு சிற்பியால்.
ரிஷபவாகனர் 1011: காளை இல்லை, கை இருக்கிறது.
ஆலங்காடு எதிர் கங்கைகொண்ட சோழபுரம்: ஒரே நிலை, ஒன்று அசையாது.
அர்த்தநாரி: பட்டு மறைக்கும் உடல்."

வாத வரிக்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விவரமும் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். "அறிமுகம், உடற்பகுதி, முடிவு" என்று எழுதி வைப்பது திட்டமாகாது. அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் கேள்விக்கும் உதவாது.

இப்போது எழுதும் முப்பது நிமிடம். இதற்கு முன்னால் வீட்டில் ஒரு கணக்கு போட்டிருக்க வேண்டும். தேர்வில் தரும் அளவுக் கோடு போட்ட தாளில், உங்கள் சாதாரணக் கையெழுத்தில், ஒரு பக்கம் எழுத எத்தனை நிமிடம் ஆகிறது? யோசித்து எழுதும் வேகத்தில் அளக்க வேண்டும். பார்த்து எழுதினால் கணக்கு பொய்யாகும். எட்டு நிமிடம் ஆகிறது என்றால் முப்பது நிமிடத்தில் உங்களால் நான்கு பக்கத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் எழுத முடியும். எட்டுப் பக்கம் எழுதும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். முன்னுரைக்கு அரைப்பக்கம், ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் ஒரு பக்கத்துக்குச் சற்றுக் குறைவு, முடிவுக்குக் கால் பக்கத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் இடம்.

முன்னுரையில் வாதத்தைச் சொல்லிவிட வேண்டும். கடைசிவரை மறைத்து வைப்பது கதைக்கு அழகு. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான தாள்களைப் பார்க்கிறவர் முதல் அரைப்பக்கத்திலேயே இந்த மாணவருக்கு விடை தெரியுமா என்று பார்த்துவிடுவார். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை கருவறைக்கு வெளியே வந்து வீதி உலா செல்வதற்காகச் செய்யப்பட்டவை. இந்தப் பயன்பாடு அவற்றின் கட்டமைப்பைத் தீர்மானித்தது: சுவரின் துணையின்றி நிற்கும் சமநிலை, எல்லாப் பக்கமும் முடிக்கப்பட்ட உடல், தண்டு கோத்துத் தூக்க வசதியான பீடம். ஆனால் தெய்வம் எந்த நிலையில் நிற்கும், எத்தனை கைகள், என்ன முத்திரை என்பவை கல்லுக்கும் செம்புக்கும் பொதுவான உருவ மரபிலிருந்து வந்தன. உடலின் மெருகை இவ்விரண்டாலும் முழுதாக விளக்க முடிவதில்லை."

நான்கு வாக்கியம். பெயர்களே வரவில்லை, ஆனால் அடுத்த மூன்று பக்கம் எங்கே போகும் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிட்டது.

எடுத்துக்காட்டுப் பத்தியில் வரிசை முக்கியம். முதல் வாக்கியம் வாதத்தின் ஒரு துண்டாக இருக்க வேண்டும், படைப்பின் பெயராக இருக்கக் கூடாது. "திருவாலங்காட்டு நடராஜர் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது" என்று தொடங்கினால் அடுத்து வருவதெல்லாம் வருணனையாகவே போகும். "உலா வருதல் ஆடல் நிலையைத் தீர்மானிக்கவில்லை என்பதற்குக் கல்லும் செம்பும் பகிர்ந்துகொள்ளும் ஒரே உருவமே சான்று" என்று தொடங்கினால் அடுத்த வரி நடராஜரைத் தானே அழைத்துக்கொள்ளும். பிறகு பெயர், இடம், காலம், பொருள் எல்லாம் ஒரே வாக்கியத்தில். அதன்பின் கண்ணுக்குத் தெரியும் விவரம் இரண்டு. கடைசியில், இந்த விவரம் வாதத்துக்கு என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம்.

உங்கள் கட்டுரை பட்டியலாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் படித்துப் பாருங்கள். பத்திகளை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அது பட்டியல். வாதமாக இருந்தால் இரண்டாம் பத்தியை முதலில் வைத்தால் பொருள் குலையும். வீட்டில் எழுதும் மாதிரி விடைகளில் இதை ஒவ்வொரு முறையும் செய்து பார்க்கச் சொல்கிறேன்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வெட்டால் உறுதியான ரிஷபவாகனருக்கு 1011 என்று எழுதுங்கள். மற்ற திருமேனிகள் பெரும்பாலும் பாணியை வைத்துக் காலம் கணிக்கப்பட்டவை. அவற்றுக்கு ஆய்வாளர்களுக்குள்ளேயே நூறு ஆண்டுவரை வேறுபாடு வரும். அங்கே "11-ஆம் நூற்றாண்டையொட்டி" என்று எழுதுவதே சரி. ஒன்றுக்குத் துல்லியமான ஆண்டும் இன்னொன்றுக்கு நூற்றாண்டும் எழுதியிருப்பதைப் பார்த்தாலே, அந்த வேறுபாட்டின் காரணம் உங்களுக்குத் தெரியும் என்று திருத்துபவர் புரிந்துகொள்வார். ஆண்டு நினைவில்லாவிட்டால் மனத்துக்குத் தோன்றியதை எழுத வேண்டாம். இடைவெளி விட்டு மேலே போங்கள். கடைசிப் பத்து நிமிடம் அதற்கும்தான்.

படம் வரையலாமா என்று நுண்கலை மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். கை பழகியவர்களுக்கு நடராஜரை வரையத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. திருவாசியின் தீநாக்குகளைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு பத்திக்குரிய நேரம் போயிருக்கும். அதிலும் திருவாலங்காட்டு நடராஜருக்குத் திருவாசி இன்று இல்லை. விரிந்த சடையும் இல்லை. நினைவிலிருந்து பொதுவான நடராஜரை வரைந்துவிட்டு அந்தப் பெயரை எழுதினால், படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். உடல் வளைவைக் காட்டும் ஐந்து கோடுகள் போதும், அதுவும் வாதத்துக்கு உதவினால் மட்டும்.

இந்த மாதிரி விவரங்கள் புத்தகத்தைப் படிப்பதால் மட்டும் வந்து சேர்வதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவேன். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பெரும்பாலும் சனிக்கிழமை காலை. செப்புத் திருமேனிக் கூடத்தில் பெயர்ப் பலகையைப் படிக்காமல், பார்த்தவற்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். போன பருவத்தில் ஒரு மாணவி அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தாள்.

"மேடம், வலது பக்கம் இரண்டு கை, இடது பக்கம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் கனமாகத் தெரியவில்லையே, ஏன்?" என்றாள்.

"நீயே சொல். எடை எங்கே போகிறது?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "இடுப்பு இடது பக்கமாக வெளியே வருகிறது. அங்கே ஈடுகட்டிவிடுகிறது, மேடம்."

அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். இந்த ஒரு வரி, தேர்வில் "மிக நேர்த்தியான வேலைப்பாடு கொண்டது" என்ற பத்து வரிக்குச் சமம். சிலையைப் பார்க்காதவரால் அதை எழுதவே முடியாது.

இப்படிக் கிட்டத்தில் தெரிந்த படைப்புகள் ஒரு தாளுக்குப் பன்னிரண்டு இருந்தால் போதும் என்பது என் கருத்து. நாற்பதை மேலோட்டமாகத் தெரிந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குத் திரும்ப வேண்டும். அர்த்தநாரீஸ்வரரை வழிபாட்டுக் கேள்விக்கும் எடுக்கலாம், உடலைக் காட்டும் விதம் பற்றிய கேள்விக்கும் எடுக்கலாம், கோயிலிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்த பொருள் என்ற கேள்விக்கும் எடுக்கலாம். மேற்கத்தியக் கலைத் தாளுக்கும் இதே அளவுகோல்தான். ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ 1427-ஐ ஒட்டி வரைந்த திரித்துவ ஓவியத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் கட்புலத் தூரத்தைக் கணக்கிட்ட முறை, கீழே மண்டியிட்டிருக்கும் கொடையாளர்கள், அடியில் கிடக்கும் எலும்புக்கூடு என்று அதே சுவரிலிருந்து மூன்று வேறு கேள்விகளுக்கு விடை எடுக்கலாம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பயன்படும் படைப்பைப் பன்னிரண்டில் சேர்க்காதீர்கள்.

மறுபடி கடிகாரத்துக்கு வருகிறேன். கட்டுரை தொடங்கியதிலிருந்து 11-ஆம் நிமிடத்தில் முன்னுரை முடிந்திருக்க வேண்டும். 19-இல் ரிஷபவாகனர், 27-இல் நடராஜர் ஜோடி, 34-இல் அர்த்தநாரீஸ்வரர், 37-இல் முடிவு. இந்த ஐந்து எண்களையும் தேர்வறைக் கடிகார நேரமாக மாற்றித் திட்டத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். காலை 10.10-க்குத் தொடங்கினால் 10.21, 10.29, 10.37, 10.44, 10.47. எழுதும்போது கழித்தல் கணக்குப் போட மூளைக்கு நேரம் இருக்காது.

பின்தங்கினால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். 10.37-க்கு நடராஜர் முடியவில்லை என்றால், நடராஜரை அந்த வாக்கியத்தோடு முடித்துவிட்டு மூன்றாவது எடுத்துக்காட்டை ஐந்து வரியாகச் சுருக்குங்கள்: வாத வாக்கியம், பெயர்-இடம்-காலம், ஒரு விவரம், அதன் பொருள். மூன்றாவதை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். மூன்று கேட்ட கேள்விக்கு இரண்டு எழுதினால் மதிப்பெண் அங்கே அறுந்துவிடும். முடிவையும் வெட்ட வேண்டாம். "எந்த அளவுக்கு" என்பதற்கு நேரடி விடை அங்கேதான் இருக்கிறது. முன்னுரையைத் திருப்பிச் சொல்லாமல், மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்த பிறகு அளவு எங்கே நிற்கிறது என்று மூன்று வாக்கியத்தில் சொன்னால் போதும்.

நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். இதைச் சொன்னால்தான் அதிக எதிர்ப்பு வரும். கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு இன்னும் 15 நிமிடம் கொடுத்தால் அது 15-லிருந்து 17-ஆக உயரலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 நிமிடத்தை இழக்கும் கடைசிக் கட்டுரை 14-லிருந்து 8-க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ஒரு விடையின் முதல் பாதி மதிப்பெண் வாதம், மூன்று பெயர், சில விவரங்கள் என்று விரைவாக வந்துவிடும். கடைசி இரண்டு மதிப்பெண்ணுக்குத்தான் உழைப்பும் நேரமும் அதிகம் பிடிக்கும். ஆகவே முடியாத கட்டுரைக்குக் கீழே அரைப்பக்கம் காலியாக விட்டு, அடுத்த கேள்வியைப் புதிய பக்கத்தில் தொடங்குங்கள்.

நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். அதில்தான் நேரத்தை மீறும் ஆசை அதிகம் வரும். தொடக்கத்திலேயே பத்து நிமிடம் கடனாகிவிடும். இரண்டாவதாக நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதிக் கை பழகட்டும், மிக நன்றாகத் தெரிந்ததை இரண்டாவதாக எழுதுங்கள், மிகவும் பலவீனமானதைக் கடைசியில். இது எல்லோருக்கும் ஒத்துவராது. பதற்றம் அதிகமுள்ளவர்கள் பிடித்த கேள்வியிலேயே தொடங்கலாம், ஆனால் கடிகார நேரத்தைப் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு.

கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எந்த வாதத்தையும் தொடங்க வேண்டாம். முதலில் கேள்வி எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு காலியாக விட்ட ஆண்டுகளையும் ஊர்ப் பெயர்களையும் நிரப்புங்கள். அதன்பின் பாதியில் நிற்கும் கட்டுரைக்குப் போய், விட்ட அரைப்பக்கத்தில் முடிவை எழுதுங்கள். அதற்கும் நேரம் போதவில்லை என்றால், திட்டத்தில் மீதமிருக்கும் வரிகளை முழு வாக்கியமாக்காமல் குறிப்பாகவே, பேனாவால், அங்கே எழுதிவிடுங்கள்: "அர்த்தநாரீஸ்வரர், திருவெண்காடு, 11-ஆம் நூ., எழும்பூர், உலாவில் பட்டு மறைக்கும், இடுப்பு வளைவு கைகளின் கனத்தை ஈடுகட்டுகிறது, பயன்பாட்டால் விளங்காத மெருகு." கடைசிப் பக்கத்துப் பென்சில் திட்டத்தின் மேல் ஒரே ஒரு கோடு குறுக்கே போட்டுவிட்டுத் தாளைக் கொடுங்கள்.